வீடு கொடுத்தவனுக்கு வீடு கொடுத்தவன்

அன்புள்ள ஐயா,

1996 மார்ச் 24, பிற்பகலில் சென்னையில் பிறந்தேன். கடக லக்னம், ரோகிணி 1ஆம் பாதம். ஒவ்வொரு கிரகத்துக்கும் வீடு கொடுத்தவனைத் தேடிப் போனால் எல்லாமே தனுசு குருவில் முடிகிறது. பெரம்பூரில் ஒரு ஜோதிடர் "6இல் மறைந்த குரு, எல்லாம் கெட்டது" என்கிறார். உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கிரகம் நிற்கும் ராசிக்கு உடையவனே அதற்கு வீடு கொடுத்தவன். அவனுக்கு வீடு கொடுத்தவன் யார் என்று தொடர்ந்து போகும் சங்கிலியை முதலில் சரிபார்ப்போம். சந்திரன் ரிஷபத்தில், வீடு கொடுத்தவன் சுக்கிரன். சுக்கிரன் மேஷத்தில், அதனால் செவ்வாய். செவ்வாய் மீனத்தில், அங்கிருந்து குரு. குரு தனுசில், தன் சொந்த வீட்டிலேயே ஆட்சி, அதற்கு மேல் போக இடமில்லை. சூரியன், புதன், சனி மூவரும் மீனத்திலேயே இருப்பதால் நேராகக் குருவிடம் வந்துவிடுகிறார்கள். ஆட்சி பெற்ற வேறு கிரகமும் இல்லை, ஒன்றன் வீட்டில் மற்றொன்று மாறி நிற்கும் பரிவர்த்தனையும் இல்லை. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் ஒற்றை முடிவு கிடைக்காது. நீங்கள் பிறந்த சில நாட்களில் சுக்கிரன் ரிஷபத்துக்குப் போய் ஆட்சி பெற்றான். அதன்பின் பிறந்தவர்களுக்குச் சங்கிலி இரண்டாக முடியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சங்கிலிக்கும் லக்னத்துக்கும் தொடர்பே இல்லை. அன்று சென்னையில் சூரிய உதயத்தின்போது பிறந்தவருக்கும் இதே சங்கிலிதான். ஆனால் அவருடைய மீன லக்னத்துக்குக் குரு லக்னாதிபதி, 10இல் இருக்கிறார். உங்களுக்கு 6, 9ஆம் இடங்களுக்கு உடையவர். ஜாதகம் எந்தக் கிரகத்தில் முடிகிறது என்பதைச் சங்கிலி சொல்லும். அந்தக் கிரகம் எதைத் தரும் என்பதை லக்னத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் 9ஆம் இடம் மீனத்தில் கிரகங்கள் குவிந்திருக்கின்றன. அவற்றுக்கு வீடு கொடுத்தவர் 6இல், தன் மூலத்திரிகோண வீட்டில் பலமாக இருக்கிறார். அதனால் தந்தை, படிப்பு, பாக்கியம் என்று 9 காட்டுவதெல்லாம் வேலை, போட்டி, கடன், உடல்நலம் ஆகிய 6இன் வழியாகத்தான் வரும். உழைத்துத்தான் எடுக்க வேண்டும், ஆனால் கைக்கு வரும். ஆட்சி பெற்றவரை வெறும் மறைவு என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னை யோசிக்க வைப்பது நடுக் கண்ணிதான். செவ்வாய் சூரியனுக்கு மிக நெருக்கத்தில் இருப்பதால் ஒளி இழந்து அஸ்தங்கம். உங்கள் லக்னாதிபதி சந்திரன் உச்ச ராசியில் இருந்தும், குருவிடம் போகும் வழியில் இந்தச் செவ்வாயைத் தாண்ட வேண்டும். செவ்வாய் உங்களுக்கு 5, 10க்கு உடையவர். தொழிலில் முடிவு எடுத்த பிறகு அது நடக்கத் தாமதமாவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கடைசிக் கிரகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் இந்தத் தாமதம் நீங்காது.

அப்புறம், இப்போது நடப்பது ராகு தசை. ராகு கன்னியில், வீடு கொடுத்தவன் புதன். அந்தப் புதன் மீனத்தில் பலம் குறைந்து நீசம், அஸ்தங்கமும்கூட. குருவைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, இந்தத் தசையில் புதனுக்குரிய பத்திரம், கையெழுத்து, கணக்கு ஆகியவற்றை இரண்டு முறை சரிபாருங்கள்.