கிட்னியில் கல் வந்து போயிருக்கிறது. பால், தயிரை அடியோடு நிறுத்தச் சொல்கிறார்கள். கோத்தகிரியில் இருக்கிறேன், நிறுத்த வேண்டுமா?

நிறுத்த வேண்டாம். உங்கள் கல் கால்சியம் ஆக்சலேட் கல்லாக இருந்தால் (பெரும்பாலான கற்கள் அவைதான்), பாலை நிறுத்துவது மறுபடியும் கல் வருவதற்கே வழி செய்யும். குன்னூரில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் பாலை ஏற்கெனவே நிறுத்திவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஆக்சலேட் என்பது கீரை, கிழங்கு, கொட்டை, தேயிலை போன்றவற்றில் இயற்கையாகவே இருக்கும் பொருள். சாப்பிடும்போது அதனோடு கால்சியமும் குடலுக்குள் போனால் இரண்டும் அங்கேயே ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். கால்சியம் இல்லாவிட்டால் ஆக்சலேட் தனியாக ரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சிறுநீரில் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் போவது சாதாரணம். ஆக்சலேட் போவதோ 30 மில்லிகிராம் அளவுதான். அதில் 15 கூடினாலே பாதிக்குப் பாதி கூடிவிட்டது என்று அர்த்தம். கால்சியத்தில் 15 கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

இத்தாலியில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களில் பாதிப் பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. மீதிப் பேருக்குக் கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் மட்டும் குறைத்த உணவு. ஐந்து வருடத்தில் முதல் கூட்டத்தில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது, இரண்டாவதில் 12 பேருக்கு. 2002-ல் வெளியான ஆய்வு இது.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். டீ ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை. கல்லைப் பரிசோதித்ததில் கால்சியம் ஆக்சலேட். "கல்லும் சுண்ணாம்பு, பாலும் சுண்ணாம்பு, அதான் நிறுத்திட்டேன் மேடம்" என்றார். அதன் பிறகு நாள் முழுக்கக் கட்டன் டீ. மதியம் சோற்றுக்குப் பாலக்கீரைக் கூட்டோ பீட்ரூட் பொரியலோ, தயிர் கிடையாது. சாயந்திரம் வறுத்த கடலை. 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்துப் பார்த்ததில் கால்சியம் சரியாக இருந்தது. ஆக்சலேட் 58. 40-க்கு மேல் போனாலே கூடுதல்தான். மொத்தச் சிறுநீர் ஒரு லிட்டரைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான்.

மாற்றியது கொஞ்சம்தான். டீயில் பால் திரும்பி வந்தது. மதியச் சோற்றோடு ஒரு கப் தயிர். பாலக்கீரையை விட்டுவிடச் சொன்னேன், அதில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராமுக்கும் மேல் ஆக்சலேட் இருக்கும். பதிலுக்கு நம்மூரிலேயே கிடைக்கும் மேரக்காய், முட்டைக்கோஸ், நூல்கோல். பீட்ரூட்டை எப்போதாவது, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, தயிரோடு. அடுத்த பரிசோதனையில் ஆக்சலேட் 36.

இதில் பலரும் கவனிக்காதது நேரம். ராத்திரி படுக்கும்போது தனியாகக் குடிக்கிற ஒரு தம்ளர் பால் மதியக் கூட்டில் இருந்த ஆக்சலேட்டைப் பிடிக்காது. அது எப்போதோ குடலைத் தாண்டியிருக்கும். சாப்பாட்டோடு தயிரோ மோரோ இருக்க வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் இதே கதைதான்: வெறும் வயிற்றில் போட்டால் ஆக்சலேட்டைக் கட்டாமல் நேரே சிறுநீரில் போய்ச் சேரும். டாக்டர் எழுதித் தந்திருந்தால் சாப்பாட்டோடு போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

அளவு என்றால், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எல்லா உணவும் சேர்த்து 1000 மில்லிகிராம் கால்சியம். பசும்பால் 100 மில்லியில் சுமார் 120 இருக்கும். டீக்கும் தயிருக்குமாக அரை லிட்டர் பால் என்றால் 600 வந்துவிடும், மீதி மற்ற சாப்பாட்டிலிருந்து. அதற்காக லிட்டர் கணக்கில் குடிக்கத் தேவையில்லை.

மலையில் இன்னொரு சிக்கல், குளிரில் தாகமே தெரியாது. தாகத்தை நம்பாமல் சிறுநீரைப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் போக வேண்டும். மத்தியானமும் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. உப்பையும் ஊறுகாயையும் குறையுங்கள், உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

இதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது. ரத்தத்தில் கால்சியம் அதிகம் இருந்தால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பியைப் பார்க்க வேண்டும். யூரிக் ஆசிட் கல்லுக்கு வழி வேறு. குடல் அறுவை சிகிச்சை செய்தவர்கள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் டாக்டர் சொல்லும் உணவைத்தான் பின்பற்ற வேண்டும். எனவே கல் வெளியே வந்தால் வீசிவிடாதீர்கள், ஒரு டப்பாவில் போட்டு லேபுக்குக் கொடுங்கள். வலியோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.