பச்சை விளக்கொளியில் சிவப்பு ரோஜா

சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் என்கிறார்கள். அப்படியானால் பச்சை விளக்கின் கீழ் சிவப்பு ரோஜா மஞ்சளாகத் தெரியாமல் கறுப்பாகத் தெரிவது ஏன்?

ரோஜாவிடம் சொந்தமாகச் சிவப்பு ஒளி எதுவும் இல்லை என்பதே காரணம். மஞ்சள் தோன்ற வேண்டுமானால் சிவப்பு, பச்சை ஆகிய இரண்டு ஒளிகளும் ஒரே இடத்திலிருந்து கண்ணை வந்தடைய வேண்டும், அது கூட்டல். இதழில் நடப்பதோ கழித்தல். அதிலுள்ள ஆந்தோசயனின் நிறமிகள் 500 முதல் 550 நானோமீட்டர் வரையிலான பச்சைப் பகுதியைப் பெருமளவு உறிஞ்சிவிடுவதால், பகலில் வெண்ணிற ஒளியிலிருந்து முக்கியமாகச் சிவப்பே மிஞ்சித் திரும்புகிறது. 530 நானோமீட்டரை ஒட்டி மட்டும் ஒளிரும் பச்சை எல்இடியின் கீழ் வந்த ஒளி உறிஞ்சப்பட்டுவிடும். திருப்பி அனுப்பச் சிவப்பும் இருக்காது. பக்கத்து இலைகள் பச்சையைத் திருப்பி அனுப்பி வெளிச்சமாக நிற்பதால், இதழ்கள் இன்னும் கறுத்துத் தெரியும்.

முழுக் கறுப்பு என்று சொல்லிவிட முடியாது. இதழின் வளைந்த விளிம்புகளில் மெல்லிய பச்சை மினுமினுப்புத் தெரியும். அது நிறமியை எட்டாமல் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிய ஒளி. எல்இடிக்குப் பதிலாகச் சாதாரண குமிழ் விளக்கைப் பச்சைக் கண்ணாடித்தாளால் மூடினால் பூ கரும்பழுப்பாகத் தெரியக்கூடும். தாள் வழியே சிறிது சிவப்பும் கசிவதுதான் காரணம் (இந்தச் சோதனையில் பலர் ஏமாறுவது இங்கேதான்).

பச்சை விளக்கோடு ஒரு சிவப்பு விளக்கையும் ஏற்றி, பூவின் அருகே வெள்ளைத் தாள் ஒன்றை வையுங்கள். இரண்டு ஒளிகளையும் திருப்பி அனுப்பும் தாள் மஞ்சளாகும். பச்சையை விழுங்கிவிடும் ரோஜா சிவப்பாகவே இருக்கும்.