காலை வெப்பநிலை சார்ட்: கருமுட்டை வெளியேறிய பிறகே வரும் சாட்சி

கேள்வி: குழந்தைக்காக மூன்று மாதமாகத் தினமும் காலையில் வெப்பநிலை பார்த்துக் குறித்து வருகிறேன். எப்போது ஏறுகிறதோ அன்றே உறவு கொள்கிறோம். ஏறுவது தெளிவாகவே தெரிகிறது. ஆனாலும் கரு தங்கவில்லை. என்ன தவறு செய்கிறோம்?

அளவெடுப்பதில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை, நாள் தேர்வில்தான் சிக்கல். வெப்பநிலை ஏறுவதைப் பார்த்துவிட்டு உறவு கொள்வது, பஸ் கிளம்பிய பிறகு ஸ்டாப்புக்கு ஓடுவது போல.

கருமுட்டை வெளியேறும் செயல் உடலைச் சூடாக்குவதில்லை. முட்டை வெளியேறிய பின், அது இருந்த நுண்பை மஞ்சள் நிறத் திசுவாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அந்த ஹார்மோன் ரத்தத்தில் போதிய அளவுக்குச் சேர்ந்து, மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியான ஹைபோதலாமஸை எட்டி, அங்குள்ள 'செட்டிங்'கைச் சற்று உயர்த்துகிறது. அதன் பிறகுதான் காலை அளவு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடுகிறது. இத்தனையும் நடக்க ஒன்று அல்லது இரண்டு நாள் ஆகிவிடும்.

வெளியேறிய முட்டை உயிரோடு இருப்பதோ 12 முதல் 24 மணி நேரம்தான். எனவே தெர்மாமீட்டரில் ஏற்றம் தெரியும் காலையில் முட்டையின் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். விந்தணுவின் கதை வேறு. கருப்பை வாயில் நீர்மமான சளி இருக்கும் நாட்களில் அது 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் என்பவை முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும். இந்த ஆறு நாளில் ஒன்றைக்கூட உங்கள் முறை தொடாமல் போயிருக்கலாம்.

கேள்வி: ஏறியது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? எனக்கு ஒரு நாள் 36.6, மறுநாள் 36.4 என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

ஒரே ஒரு காலை அளவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. நடைமுறையில் உள்ள விதி இது: தொடர்ந்து மூன்று நாள் அளவுகள், அவற்றுக்கு முந்தைய ஆறு நாள் அளவுகள் எல்லாவற்றையும்விட உயர்ந்திருக்க வேண்டும். அந்த மூன்றில் மூன்றாவது, முந்தைய ஆறின் உச்ச அளவைவிடக் குறைந்தது 0.2 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும்.

ஒரு சார்ட்டை எடுத்துப் பார்ப்போம். மாதவிலக்கு தொடங்கிய நாள் 1. பத்தாம் நாள் முதல் பதினைந்தாம் நாள் வரை அளவுகள் வரிசையாக 36.45, 36.40, 36.35, 36.45, 36.40, 36.35. பதினாறாம் நாள் 36.60, பதினேழாம் நாள் 36.65, பதினெட்டாம் நாள் 36.75.

முந்தைய ஆறில் உச்சம் 36.45. அந்த அளவில் சார்ட்டின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். 16, 17, 18 ஆகிய மூன்று நாளும் கோட்டுக்கு மேலே நிற்கின்றன. மூன்றாவதான 36.75, கோட்டைவிட 0.30 கூடுதல். விதி பொருந்துகிறது. கருமுட்டை பெரும்பாலும் 15-ஆம் நாளை ஒட்டி வெளியேறியிருக்கும், ஓரிரு நாள் முன்பின் இருக்கலாம். கவனிக்க வேண்டியது: இந்த முடிவுக்கு நாம் வந்தது 18-ஆம் நாள் காலையில். வாய்ப்புள்ள நாட்கள் ஏறக்குறைய 10 முதல் 15 வரை. அதாவது, விடை கிடைக்கும்போது தேர்வு முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது.

மூன்றாவது நாள் 36.60 மட்டுமே வந்திருந்தால்? 0.2 கூடுதல் இல்லை, எனவே நான்காம் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவும் கோட்டுக்கு மேலே இருந்தால் போதும். நீங்கள் சொல்லும் 36.6, 36.4 ஏற்ற இறக்கம் கோட்டைத் தாண்டிய பின் நிலைக்கவில்லை என்றால், அது சாதாரண அசைவுதான்.

கேள்வி: ஏறுவதற்கு முந்தின நாள் வெப்பநிலை சட்டென்று இறங்கும், அதுவே முட்டை வெளியேறும் நாள் என்கிறார்களே?

சிலருடைய சார்ட்டில் அந்தப் பள்ளம் இருக்கும், பலருடையதில் இருக்காது. இருக்கும் போதும், சரியாக அன்றுதான் முட்டை வெளியேறியது என்று சொல்ல முடியாது. இன்னொரு தொல்லை: தாழ்ந்த அளவுகளுக்கு நடுவே வேறு காரணத்தால் பள்ளங்கள் வந்துபோகும். அது 'அந்த'ப் பள்ளமா என்பதை, மறுநாள் ஏற்றம் வந்த பின்தான் சொல்ல முடியும். ஆகவே இதுவும் பின்னோக்கிய செய்தியே. பள்ளத்தைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் சார்ட் எழுதுவதில் பயனே இல்லையா? முன்கூட்டித் தெரிந்துகொள்ள என்ன வழி?

பயன் இருக்கிறது, ஆனால் இந்த மாதத்துக்கு அல்ல, அடுத்த மாதத்துக்கு. மூன்று நான்கு சார்ட்டில் முட்டை வெளியேறிய நாள் 14, 15, 17 என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். மிக முன்னதான 14-இலிருந்து 5 நாள் பின்னே போனால் 9. மிகப் பிந்தியது 17. ஆகவே 9-ஆம் நாள் தொடங்கி 17 வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் உறவு கொண்டால், வெளியேற்றம் அந்த இடைவெளியில் எங்கு நிகழ்ந்தாலும் விந்தணு தயாராக இருக்கும். வெப்பநிலை ஏறிய பின் அந்த மாதத்துக்கு முயற்சி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாதவிலக்குச் சுற்று 26 நாள், 34 நாள் என்று மாறி மாறி வருபவருக்கு இந்தக் கணக்கு உதவாது. பழைய நாளை வைத்து புதிய நாளை ஊகிப்பதுதானே இது. அவர்கள் இரண்டு முன்னறிகுறிகளைப் பார்க்கலாம். ஒன்று, கருப்பை வாய்ச் சளி. வெளியேற்றம் நெருங்கும்போது அது முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து, விரல்களுக்கிடையே நூலாக நீளும். அப்படிப்பட்ட சளி தொடங்கும் நாளே முயற்சி தொடங்கும் நாள். இரண்டாவது, சிறுநீரில் எல்.ஹெச். ஹார்மோனைப் பார்க்கும் பட்டை. எல்.ஹெச். உயரத் தொடங்கிய பின் ஏறக்குறைய ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளியேறும். பட்டையில் பாசிட்டிவ் வந்தால் அன்றும் மறுநாளும் நல்ல நாட்கள். சளியும் பட்டையும் முன்னே சொல்கின்றன, சார்ட் பின்னே நின்று 'ஆம், நடந்தது' என்று கையெழுத்துப் போடுகிறது. மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்துபவருக்குக் குழப்பம் குறைவு.

கேள்வி: சாதாரணக் காய்ச்சல் தெர்மாமீட்டர் போதுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் தாமதமாக எழுகிறேன், அன்றைய அளவு மட்டும் எப்போதும் கூடுதல்.

காய்ச்சல் தெர்மாமீட்டர் ஒரு தசமத்தோடு நின்றுவிடும். நாம் தேடும் ஏற்றமே 0.2 என்பதால், இரண்டு தசமம் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும். கடையில் 'பேஸல் தெர்மாமீட்டர்' என்று கேளுங்கள். எடுக்கும் நேரம், விழித்த உடனே. எழுந்து உட்காருவதற்கு முன், தண்ணீர் குடிப்பதற்கு முன், பேசுவதற்கு முன். அதற்கு முன் குறைந்தது மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கியிருக்க வேண்டும். தெர்மாமீட்டரைத் தலையணை அருகிலேயே வைத்துக்கொண்டால் இது எளிது. நாக்கின் அடியில் என்றால் எப்போதும் நாக்கின் அடியில்தான், நடுவில் இடத்தை மாற்றினால் கோடு பொய் சொல்லும்.

உடல் வெப்பம் விடிகாலையிலிருந்து தானாகவே மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் தாமதமாக எழுந்தால் அதுவே கோட்டைத் தாண்ட வைக்கப் போதும். உங்கள் ஞாயிறு அளவுகளின் மர்மம் இதுதான். அந்த நாளில் வழக்கமான நேரத்துக்கு அலாரம் வைத்து, அளந்துவிட்டு மறுபடி தூங்குங்கள். முடியாவிட்டால் அந்த அளவைக் குறித்து வட்டமிட்டு, பக்கத்தில் 'தாமதம்' என்று எழுதிக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். காய்ச்சல், மது, இரவில் பலமுறை விழித்தது, நீண்ட பயணம் இவற்றுக்கும் அதே வழி. இரவுப் பணி மாறி மாறி வருபவருக்கு இந்த முறை ஒத்துவராது என்பதே என் கருத்து.

கேள்வி: இரண்டு மாதமாக என் சார்ட்டில் ஏற்றமே இல்லை. முட்டை உருவாகவில்லை என்று அர்த்தமா?

அப்படி இருக்கலாம், உறுதியில்லை. முட்டை வெளியேறியும் சார்ட் தட்டையாக இருப்பவர்கள் உண்டு. எதிர்ப்பக்கமும் உண்டு: நுண்பை உடையாமலே, முட்டை உள்ளே இருக்கும்போதே புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கிவிடுவது. அப்போது சார்ட் அழகாக ஏறும், ஆனால் முட்டை வெளியே வந்திருக்காது. மருத்துவர் தந்த புரோஜெஸ்டிரோன் மாத்திரை சாப்பிடுபவருக்கும் ஏற்றம் வரும், அது மாத்திரையின் வேலை. சார்ட் நேரடியாகக் காட்டுவது புரோஜெஸ்டிரோனின் விளைவைத்தான், முட்டையை அல்ல.

சந்தேகம் தீர, ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவு பார்க்கலாம். பலரும் '21-ஆம் நாள் டெஸ்ட்' என்று சொல்லிக் கொடுப்பது 28 நாள் சுற்றுக்கு மட்டுமே பொருந்தும். சரியான நாள், அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 7 நாள் முன்பு. 35 நாள் சுற்று உள்ளவர் 28-ஆம் நாளில் எடுக்க வேண்டும். நுண்பை வளர்ந்து உடைவதைப் பார்க்க வேண்டுமானால் அடுத்தடுத்த ஸ்கேன்தான் வழி. பல மாதம் ஏற்றம் இல்லாமல், மாதவிலக்கும் தள்ளிப் போகிறது என்றால், சார்ட்டுகளை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஏறிய வெப்பநிலை இறங்கவே இல்லை. 18 நாள் ஆகிறது.

மாதவிலக்குக்கு முன்போ தொடங்கும்போதோ அது இறங்கிவிட வேண்டும். 18 நாள் தொடர்ந்து உயர்ந்தே நின்றால் கர்ப்பம் இருக்க நல்ல வாய்ப்பு. சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: கர்ப்பத்தைத் தவிர்க்க இந்தச் சார்ட்டை நம்பலாமா?

பின்னால் சொல்லும் சாட்சி என்பதே இங்கு பயனாகிறது: மூன்றாவது உயர்ந்த நாளின் மாலைக்குப் பிறகு முட்டையின் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் அதற்கு முந்தைய நாட்களைப் பற்றிச் சார்ட் எதுவும் சொல்லாது, விந்தணு 5 நாள் காத்திருக்கும். வெப்பநிலையை மட்டும் நம்புவதென்றால், மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து அந்த மூன்றாவது நாள் வரை பாதுகாப்பற்றவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் ஆணுறை இல்லாமல் இருக்க வேண்டாம். சார்ட்டில் வட்டமிட்ட அளவுகள் நடுவே விழுந்திருந்தால், அவற்றை உயர்ந்த நாட்களின் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.