பட்டினி கிடந்தால் ஆண்குறி விறைப்பு குறையுமா?

"மூணு கிழமையா பகல்ல பிளேன்டீ, ராவைக்கு நாலு இடியப்பம். 6 கிலோ குறைஞ்சிட்டு, ஆனா உடம்பு சோருது, காலைல விறைப்பும் இல்ல. விரதம்தான் காரணமா?"

விரத நேரத்தை விட, சாப்பாட்டின் அளவுதான் பிழை. சொதி, சம்பலோடும் அது 500 கலோரி அளவுதான். உங்களுக்கு 2,000க்கு மேல் வேணும். பஞ்சம் என்று நினைத்து மூளை விதைக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைக்கும். ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், ஆசையும் காலை விறைப்பும் மங்கும். வயிறு காய்ந்து நித்திரை குழம்பினால் இன்னும் மோசம்.

பகல் 11 முதல் ராவு 7க்குள் இரண்டு வேளை சோறு, மீன்கறி, முட்டை, பருப்பு சாப்பிடுங்கள். தேவையில் 500 கலோரி மட்டும் குறைத்தால் போதும். இப்போதே ரத்தம் சோதித்தால் டெஸ்டோஸ்டிரோன் குறைவாகத்தான் காட்டும், காசு வீண். சில கிழமை ஒழுங்காகச் சாப்பிட்டும் விறைப்பு திரும்பாவிட்டால், காலை 10க்கு முன் வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோனும் சீனியும் சோதித்து டொக்டரிடம் காட்டுங்கள். சீனிக் குளிசை போடுபவரானால் டொக்டரைக் கேட்காமல் விரதமே வேண்டாம்.