விரிசல் விட்ட பீமில் நடுநிலை அச்சு எங்கே? - கேள்வி பதில்

சார், விரிசல் விட்டபின் கீழ்ப்பக்கக் காங்கிரீட்டைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அப்புறம் நியூட்ரல் ஆக்சிஸை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? - மூன்றாம் ஆண்டு மாணவி

மேலே அமுங்கும் காங்கிரீட், கீழே இழுபடும் கம்பி, இந்த இரண்டை வைத்துத்தான். கம்பியும் அதைச் சுற்றியுள்ள காங்கிரீட்டும் ஒரே அளவு நீள்கின்றன என்று எடுத்துக்கொண்டால், கம்பி காங்கிரீட்டைப் போல m மடங்கு தகைவு தாங்கும்; கம்பியின் மீள்தன்மை எண் காங்கிரீட்டினுடையதைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் m. அதனால் கம்பியை எடுத்துவிட்டு அதே மட்டத்தில் m மடங்கு பரப்புள்ள காங்கிரீட் இருப்பதாக வைக்கிறோம். இப்போது முழுக்க ஒரே பொருள், அச்சு அதன் மையத்தில் போகும்.

300 மி.மீ. அகலம், 500 உயரம், மேல்விளிம்பிலிருந்து கம்பியின் மையம் வரை 450, 20 மி.மீ. கம்பி மூன்று, எம்20 காங்கிரீட் என்று எடுங்கள். கம்பிப் பரப்பு 942. ஐஎஸ் 456 சொல்லும் m, 280-ஐ 3 × 7-ஆல் வகுத்தால் 13.33; இதில் 7 என்பது எம்20-க்கு வளைவில் அனுமதிக்கும் அமுக்கத் தகைவு. மாற்றிய பரப்பு சுமார் 12,567 ச.மி.மீ. மேல்விளிம்பிலிருந்து அச்சு வரை உள்ள ஆழத்தை x என்போம்.

```
300·x·(x/2) = 12567·(450 − x)
x ≈ 157 மி.மீ.
```

விரிசலுக்கு முன் இதே பீமில் அச்சு மேலிருந்து சுமார் 264-இல் இருந்தது. விரிசல் விழுந்ததும் நூறு மி.மீ.-க்கு மேல் ஏறிவிடுகிறது. நான் படித்த காலத்தில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தபோதுதான் விஷயம் எனக்குப் பிடிபட்டது, நீங்களும் ஒருமுறை வரைந்துவிடுங்கள்.

கம்பி இருக்கும் இடத்தில் காங்கிரீட் கிடையாதே, அதைக் கழிக்க வேண்டும். m இல்லை, (m − 1) தான் சரி. - டிப்ளமோ முடித்தவர்

பாதி சரி தம்பி. விரிசல் விழாத நிலையில் கம்பி உட்கார்ந்திருக்கும் இடத்துக் காங்கிரீட்டை ஏற்கெனவே ஒருமுறை எண்ணியிருப்போம், அதனால் ஒன்றைக் கழிக்கிறோம். நான் சொன்ன 264 அப்படி வந்ததுதான். விரிசல் விழுந்தபின் இழுவைப் பக்கக் காங்கிரீட்டை எண்ணவே இல்லையே, எதைக் கழிப்பது? (m − 1) போட்டால் இந்தப் பீமில் x 152 வரும். வித்தியாசம் 5 மி.மீ. என்பதால் யாரும் கண்டுபிடிக்காமல் போய்விடும், அதுதான் தொல்லை. அமுக்கப் பக்கத்தில் கம்பி இருந்தால் ஒன்றைக் கழிக்கத்தான் வேண்டும்.

நான் லிமிட் ஸ்டேட்டில் இதே பீமுக்கு எஃப்இ415 கம்பி போட்டு xu பார்த்தேன், 157.5 வந்தது. அப்போது இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இந்தப் பழைய முறை? - டிசைன் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்

தற்செயல், ஏமாந்துவிடாதீர்கள். கம்பியை மட்டும் எஃப்இ500 ஆக்கிப் பாருங்கள். xu 190-க்குப் போய்விடும், x அசையாது, ஏனென்றால் கம்பியின் மீள்தன்மை எண் மாறவில்லை. காங்கிரீட்டை எம்25 ஆக்கி 415-ஐயே வைத்தால் x 145, xu 126. ஒன்று பீம் தன் அன்றாடச் சுமையில் இருக்கும் நிலை, மற்றது உடையப்போகும் நிலை. தொய்வும் விரிசல் அகலமும் பார்க்க முதலாவதுதான் வேண்டும்.

தொய்வுக் கணக்குக்கும் அந்த 13.33 தானா சார்? - அதே மாணவி

நல்ல கேள்வி. 280 வைத்துள்ள சூத்திரத்தில் நீண்டகால ஊர்வு ஓரளவு கலந்திருக்கிறது. உடனடித் தொய்வுக்கு 2,00,000-ஐ 5000√20-ஆல் வகுத்து m 8.94 என்று எடுப்பார்கள், அப்போது x 133-க்குக் குறைந்துவிடும், அதாவது அச்சு இன்னும் மேலே ஏறிவிடும். ஒரே பீம், ஒரே கம்பி, 24 மி.மீ. வித்தியாசம். எனவே விடையை எழுதும்போது எந்த m என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

எங்கள் வீட்டு ஹால் பீமில் நடுவில் ஒரு விரிசல், அடியிலிருந்து பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது. அச்சையே தாண்டிவிட்டதா? பீம் போய்விட்டதா? - வீட்டு உரிமையாளர்

பயப்படுவதற்கு முன் ஒன்று: மேலே உள்ள சமன்பாட்டில் சுமையே இல்லை, கவனித்தீர்களா? வளைவினால் வரும் விரிசல் ஏறக்குறைய அச்சு வரை ஏறும், நம் உதாரணத்தில் அடியிலிருந்து 340 மி.மீ. வரை, அதாவது மூன்றில் இரண்டு பங்கு உயரம். பாதிக்கு மேல் ஏறியது மட்டும் ஆபத்துக்கு அடையாளம் ஆகாது. ஆனால் உங்கள் பீமோடு ஸ்லாபும் சேர்ந்து வார்த்திருந்தால் அமுக்க அகலம் 300 இல்லை, இன்னும் பெரிது, அச்சு இன்னும் மேலே இருக்கும். ஸ்லாபின் தடிமனும் உள்ளே எத்தனை கம்பி என்பதும் தெரியாமல் நான் ஓர் எண் சொன்னால் அது பொய். விரிசல் எவ்வளவு அகலம், வருடாவருடம் அகலமாகிறதா, துருக்கறை தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள். தூணுக்குப் பக்கத்தில் சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால் இந்தக் கணக்கே அதற்குப் பொருந்தாது, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை உடனே நேரில் கூப்பிடுங்கள்.