வெறும் வயிற்றில் சத்து மாத்திரை: குமட்டல் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பனியன் கம்பெனியில வேலைங்க. காலையில ஆறு மணிக்கு சத்து மாத்திரை ஒன்னு, முடி கொட்டறதுக்கு ஒன்னு, ரெண்டையும் காப்பியோட முழுங்கிட்டு பஸ் ஏறிடுவேன். அரை மணி நேரத்துல குமட்டிக்கிட்டு வருது. போலி மாத்திரையா இருக்குமோ?
– வாசகி, திருப்பூர்

பதில்: குமட்டலை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாதுங்க. தரமான மாத்திரையும் இதைச் செய்யும். பெரும்பாலும் காரணம் அதிலுள்ள துத்தநாகம். அட்டையில் ஜிங்க் என்று போட்டிருப்பார்கள். இரும்புச்சத்து சேர்ந்திருந்தால் அதுவும் காரணமாகலாம். மாத்திரையில் இவை உப்பு வடிவில்தான் இருக்கும். வயிறு காலியாக இருக்கும்போது இந்த உப்புகள் கொஞ்சம் நீரிலேயே கரைந்து, நீர்த்துப் போகாமல் இரைப்பையின் உட்சுவரில் படுகின்றன. அந்த எரிச்சலை நரம்பு மூளைக்குச் சொல்ல, குமட்டல் வருகிறது. முன்பு விஷம் குடித்தவர்களை வாந்தியெடுக்க வைக்க மருத்துவர்கள் கொடுத்ததே ஜிங்க் சல்பேட்தான். சாப்பாடு இருந்தால் உப்பு அதோடு கலந்து மெதுவாக இறங்கும்.

உங்கள் கதையில் என் கண்ணில் படுவது அந்த இரண்டாவது மாத்திரை. முடிக்கென்று விற்கும் பல மாத்திரைகளிலும் ஜிங்க் உண்டு. இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பாருங்கள். ஒன்றில் ‘ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 61.8 மி.கி.’ என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அது உப்பின் எடை. அதில் ஏறக்குறைய 36 சதவீதம்தான் ஜிங்க், அதாவது 22 மி.கி.க்குச் சற்று மேல். மற்றதில் வெறுமனே ‘ஜிங்க் 15 மி.கி.’ என்றிருந்தால் மொத்தம் 37 மி.கி. தாண்டிவிடும். பெண்களுக்கு ஒரு நாளைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். சொல்வது 13.2 மி.கி.; பெரியவர்களுக்கு மேல் வரம்பாகப் பல நாடுகள் வைத்திருப்பது 40. சாப்பாட்டிலிருந்து கிடைப்பது இந்தக் கணக்கில் சேரவில்லை. இரண்டிலும் ஜிங்க் இருந்தால் ஒன்றுக்குக் காசு கொடுப்பதை நிறுத்திவிடலாம்.

மீதி ஒன்றை மதியத்துக்கு மாற்றுங்கள். டிபன் பாக்ஸில் அரிசிம்பருப்புச் சோறோ எதுவோ, அதைப் பாதி சாப்பிட்டதும் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். ஏ, டி, ஈ வைட்டமின்கள் கொழுப்போடுதான் நன்றாக உடம்பில் சேரும் என்பதால், சோற்றில் விட்ட நெய்யும் வீணாகாது. காப்பி மட்டும் வேண்டாம். அது சாப்பாட்டுக்கு ஈடாகாது, இரும்புச்சத்தையும் உடம்பில் ஏறவிடாது.

நான்கு நாள் இப்படிச் செய்து குமட்டல் போய்விட்டால் காரணம் தெரிந்துவிட்டது. போகவில்லை என்றாலோ, மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தாலோ டாக்டரிடம் போங்கள். ரத்தசோகைக்கென்று டாக்டர் தனியாக எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரை இருந்தால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது வெறும் வயிற்றில்தான் நன்றாக ஏறும் என்பதால், எப்போது போடுவது என்று அவரிடமே கேளுங்கள்.