கதை நாலு வரி, மிளகாய் பத்து

"அத்தை செய்யும் ஆம்பூர் பிரியாணியை எழுதினேன். முன்கதை எனக்கே மனசு நிறைகிற மாதிரி வந்தது. ஆனால் படித்த சொந்தக்காரர்கள், 'அளவு எங்கம்மா இருக்கு, தள்ளிக்கிட்டே போறேன்' என்று போன் செய்கிறார்கள். கதையை எடுத்துவிட வேண்டுமா? எடுத்தால் மொட்டையாகிவிடாதா?"
– குடியாத்தம் வாசகி

எடுக்க வேண்டாம். நாலைந்து வரியாக்கி மேலே வையுங்கள். மீதிக் கதையைச் செய்முறை முடிந்த பிறகு போடுங்கள். கதை வேண்டும் என்பவர் அங்கே வந்து படிப்பார். கறியைக் கழுவிய ஈரக்கையோடு நிற்பவருக்கு அது அப்போது தேவையில்லை.

நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். ரயிலடி, பாலாற்று மணல், மாமாவின் சைக்கிள், கல்யாணப் பந்தி என்று ஐந்து பத்தி. நன்றாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் கதையில் நீளத்தைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. நாலாவது பத்தியில், 'அத்தை கறிக்கடைக்கு ஆள் அனுப்பும்போதே காய்ந்த மிளகாயை வெந்நீரில் போட்டுவிடுவார்' என்று ஒரு வரி வருகிறது. கீழே பொருள்களில் 'மிளகாய் விழுது – 3 தேக்கரண்டி' என்று மட்டும் இருக்கிறது. விழுது எப்படி வந்தது, எத்தனை மிளகாய், எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அதாவது ஒரு செய்முறைப் படி கதைக்குள் புதைந்துவிட்டது. கதையைத் தாண்டிப் போனவர் வீட்டிலிருக்கும் மிளகாய்த்தூளை மூன்று கரண்டி போட்டிருப்பார். அது ஆம்பூர் பிரியாணி இல்லை, காரமான வேறு ஏதோ ஒன்று.

எனவே கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைப் படித்தால் சமைப்பவர் வாங்குவதோ செய்வதோ மாறுமா? மாறும் என்றால் அந்த வரி மேலே வர வேண்டும், அல்லது அதற்குரிய படியில் உட்கார வேண்டும். மாறாது என்றால் கடைசிக்குப் போகலாம். மாமாவின் சைக்கிள் கடைசிக்குப் போகும். மிளகாய் மேலே வரும். உங்கள் ஐந்து பத்தியையும் இப்படிச் சலித்தபோது எனக்குக் கிடைத்தது இது:

'ஆம்பூர் பிரியாணிக்கு நிறமும் மணமும் தருவது மிளகாய்த்தூள் இல்லை, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய். என் அத்தை கறி வீட்டுக்கு வருவதற்கு முன்பே மிளகாயை வெந்நீரில் போட்டுவிடுவார். அரை மணி நேரமாவது ஊற வேண்டும். அரிசி சீரகச் சம்பா. பாஸ்மதி போட்டால் இங்கே சொல்லும் நேரம் பொருந்தாது. அரை கிலோ ஆட்டுக்கறி, அரை கிலோ அரிசி. நாலு பேருக்கு வரும், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.'

அத்தை இதிலும் இருக்கிறார் பாருங்கள். மொட்டை எங்கே?

அடுத்தது பொருள்கள். சட்டிக்குள் எது முதலில் போகிறதோ அது முதலில் வரட்டும். ஊறவைக்க வேண்டிய மிளகாயும் அரிசியும் எல்லாவற்றுக்கும் மேலே. 'காய்ந்த மிளகாய் – 10, விதை தட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரைத்தது' என்று எழுதினால் கடைக்குப் போகிறவருக்கும் அரைக்கிறவருக்கும் ஒரே வரி போதும். அத்தையின் ஆழாக்கு உங்கள் வீட்டில் இருக்கலாம், படிப்பவர் வீட்டில் இருக்காது. ஒருமுறை தராசில் போட்டுப் பார்த்து கிராமில் எழுதிவிடுங்கள்.

உப்பைப் பற்றி எனக்குத் தனிக் கோபம் உண்டு. 'உப்பு – தேவையான அளவு' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சாம்பாருக்குச் சரி, கடைசியில் ருசி பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். இந்தப் பிரியாணியில் உப்பு இரண்டு இடத்தில் விழுகிறது, கறி மசாலாவில் ஒருமுறை, அரிசி வேகும் தண்ணீரில் ஒருமுறை. தண்ணீரை வடித்துவிடுவதால் அதில் உப்பு தூக்கலாக, ருசி பார்த்தால் ரசத்தைவிடக் கரிக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். அங்கே குறைத்துவிட்டால் சோறு சப்பென்று போய்விடும், தம்முக்குப் பிறகு சரிசெய்ய வழியில்லை. அதனால் 'கறிக்கு 1½ தேக்கரண்டி, அரிசித் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி' என்று பிரித்து எழுதுங்கள், அந்தந்தப் படியிலும் திரும்பச் சொல்லுங்கள். ஒருமுறை என் குறிப்பு ஒன்றை வெளியிட்டவர்கள், படம் பெரிதாக வர வேண்டுமென்று இரண்டாவது உப்பு வரியை வெட்டிவிட்டார்கள். திட்டு எனக்கு வந்தது.

கதையை வெட்டக்கூடாத ஓர் இடம் உண்டு. கல்யாணத்தில் விறகடுப்பில் பெரிய தேக்சா வைத்து, கீழே நெருப்பை இழுத்துவிட்டு, மூடிமேல் தணலை அள்ளிப் பரப்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தால் பழங்கதை. ஆனால் தம் என்றால் என்ன என்பதே அந்தப் பத்தியில்தான் இருக்கிறது: சூடு மேலிருந்தும் வர வேண்டும், கீழே அடி பிடிக்கக் கூடாது. கேஸ் அடுப்பில் செய்பவருக்குத் தணல் கிடையாது. எனவே அந்தக் கதை அப்படியே இருக்கட்டும். மேலே வேண்டாம், தம் போடும் படிக்குப் பக்கத்தில் வையுங்கள். அதன் வாலிலேயே, 'வீட்டில் தோசைக்கல்லைச் சூடாக்கி அதன்மேல் சட்டியை வைத்து, மூடிமேல் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தை ஏற்றி, சிறு தீயில் 20 நிமிடம்' என்று சேருங்கள். அரிசியை முக்கால் பதத்தில் வடித்திருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். நசுக்கினால் நடுவில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். முழுதாக வெந்த சீரகச் சம்பா தம்மில் களியாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பத்தி எழுத வேண்டும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு குறிப்புக்கு 1500 சொல் இருந்தால்தான் காசு, அதற்குப் பயிற்சி தருகிறேன் என்று பணம் வாங்கும் தரகர்கள் வேலூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாத கணக்கு எளிது. கதை நீண்டால் நடுவில் விளம்பரம் சொருக இடம் கூடுகிறது. லாபம் அவர்களுக்கு, 'அளவு எங்கே' என்ற வசவு உங்களுக்கு. சொல்லுக்குக் காசு என்று கூலி வைத்தால் எவர்தான் மிளகாயை முதல் வரியில் சொல்வார்? என்ன ஏற்பாடோ இது! அவர்களிடம் முன்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

வெளியிடுவதற்கு முன்னால், பிரியாணி செய்யத் தெரிந்த, ஆனால் உங்கள் அத்தையின் பிரியாணியைச் செய்யாத ஒருவரிடம் இதைக் கொடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தாலும் சரி. அவர் செய்யும்போது கூட நில்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள். எந்த இடத்தில் திரும்பி உங்களைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் விரலால் தள்ளித் தள்ளித் தேடுகிறாரோ அங்கே ஒரு வரி இடம் மாறியிருக்கிறது. அதையும் குறித்துக்கொண்டு, திருத்தியதை எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.